சதம் போனால் போகட்டும் எண்டு விடலாமா?

"தம்பி, ஒரு விசயம் கேக்கிறன், சிரிக்கக் கூடாது. எங்கட சங்கத்தின்ர மொத்த வைப்பு ஏன் ஒருநாளும் ஒற்றை எண்ணில முடியிறேல்லை?"

ஊரிலுள்ள ஒரு சிக்கன கடன் சங்கத்தின் பொருளாளர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நான் மென்பொருள் வேலை செய்கிறவன் என்பதால், லீவுக்கு வீட்டுக்குப் போனால் ஊரில் பழுதான எல்லாக் கொம்பியூட்டருக்கும் நான்தான் வைத்தியர். ஐயா மாத முடிவு அறிக்கைகளைக் கட்டாக எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு வருடத்து அறிக்கைகள். கடைசி வரியில் மொத்தம் எப்போதும் 2, 4, 6, 8, 0 என்றே முடிந்திருந்தது. சதம் எப்போதும் 00. நானூறுக்குக் கிட்டிய உறுப்பினர்களின் வைப்பைக் கூட்டினால் 24 மாதமும் இரட்டை எண் வருவதென்றால், அது தற்செயல் இல்லை.

கையால் கூட்டினால் ஐயாவுக்கு எட்டு, ஒன்பது ரூபா வித்தியாசம் வரும். அதை ஒவ்வொரு வருடமும் "சில்லறை வேறுபாடு" என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவார்கள். கேட்டால், "கொம்பியூட்டர் சதம் விடுகிறது" என்று பதில்.

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. கணக்கில் பிழை இருப்பதைவிட, "அந்தப் பிழை எப்போதும் இருக்கிறதுதானே" என்று பழகிப்போவது ஆபத்தானது. அந்தச் சில்லறை வேறுபாட்டுக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சதம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

அளவுகோலின் கோடுகள்

அந்த மென்பொருளைப் பல வருடங்களுக்கு முன் படித்துக்கொண்டிருந்த ஒரு பெடியன் எழுதிக் கொடுத்திருந்தான். தரவுத்தளம் போஸ்ட்கிரஸ். உறுப்பினர் அட்டவணையில் `balance` என்று ஒரு நிரல், கொடுக்கல் வாங்கல் அட்டவணையில் `amount` என்று ஒரு நிரல். இரண்டும் `real` வகை. அதாவது நான்கு பைட் மிதவைப்புள்ளி எண்.

மிதவைப்புள்ளி எண்ணில் காசு வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் கேட்டால் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிற பகிடியைக் காட்டுவார்கள். அது உண்மைதான். பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவாக எழுத ஏலாது, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத ஏலாதது போல. ஆனால் அந்தப் பகிடியைப் பார்த்தவர்கள், "பதினேழாவது இலக்கத்தில் பிழை வந்தால் யாருக்கு என்ன?" என்று போய்விடுகிறார்கள். எங்கள் சங்கத்தில் பிழை பதினேழாவது இலக்கத்தில் இருக்கவில்லை. ரூபாவிலேயே இருந்தது.

இதை ஓர் அளவுகோல் என்று நினையுங்கள். சாதாரண அளவுகோலில் கோடுகளுக்கிடையே எங்கும் ஒரே இடைவெளி. `real` என்கிற அளவுகோலில் பூச்சியத்துக்குக் கிட்ட கோடுகள் நெருக்கமாக இருக்கும். தூரம் போகப் போக அகலும். மொத்தம் 24 இரும இலக்கங்கள்தான் கைவசம் இருக்கின்றன. எண்ணின் முழுப்பகுதி பெரிதாகும்போது, தசமப் பகுதிக்கு மிஞ்சுவது குறைகிறது. எண் இரட்டிக்கிற ஒவ்வொரு கட்டத்திலும் இடைவெளியும் இரட்டிக்கிறது.

65,536 ரூபாவுக்கும் 131,072 ரூபாவுக்கும் நடுவே இடைவெளி 1/128 ரூபா, அதாவது முக்கால் சதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு சதத்துக்கும் தனிக் கோடு கிடைக்கும். 131,072 ஐத் தாண்டினால் இடைவெளி 1/64 ரூபா, ஒன்றரைச் சதம். இனி எல்லாச் சதத்துக்கும் கோடு இல்லை. உதாரணமாக 250,000 ரூபா 12 சதத்தையும் 250,000 ரூபா 13 சதத்தையும் வைக்கப் பாருங்கள். இரண்டும் 250,000.125 என்ற ஒரே கோட்டில் போய் விழும். பிறகு எந்த மந்திரம் போட்டாலும் எது பன்னிரண்டு, எது பதின்மூன்று என்று அந்த நிரலைப் பார்த்துச் சொல்ல ஏலாது. 16,777,216 ஐத் தாண்டினால் இடைவெளி முழுதாக 2 ரூபா. 33,554,432 வரைக்கும் அந்த அளவுகோலில் ஒற்றை எண்களே இல்லை.

சங்கத்தின் மொத்த வைப்பு இரண்டு கோடியே பதின்மூன்று இலட்சம். போஸ்ட்கிரஸில் `real` நிரலுக்கு `sum` போட்டால் விடையும் `real` ஆகத்தான் வரும். ஐயாவின் கேள்விக்கு விடை அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போகையில் மொத்தம் ஒரு கோடியே அறுபத்தெட்டு இலட்சத்தைத் தாண்டியதும், அதற்குப் பிறகு சேரும் ஒவ்வொரு உறுப்பினரின் காசும் கிட்டிய இரட்டை ரூபாவுக்கு வெட்டி ஒட்டப்படுகிறது. வரிசைகளைக் கூட்டும் ஒழுங்கு மாறினால் மொத்தமும் மாறும். ஒருவரின் வரிசையைப் புதுப்பித்தால் அது வட்டில் வேறு இடத்துக்குப் போய்விடுவதால், யாருடைய காசும் மாறாமலே மொத்தம் மாறக்கூடும்.

அந்தப் பெடியனில் நான் முழுப் பழியும் போடமாட்டேன். அவன் எழுதிய காலத்தில் அங்கே ஒருவரின் கணக்கிலும் ஓர் இலட்சம் இல்லை. எல்லாம் நெருக்கமான கோடுகளுக்குள் இருந்தன, சதம் பிசகவில்லை. பிறகு வைப்பு வளர்ந்தது, ரூபாவின் பெறுமதி தேய்ந்தது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அரிசி வாங்குகிற காசுக்கு இலக்கம் கூடக் கூட, அதே நான்கு பைட்டுக்குள் சதத்துக்கு இடம் இல்லாமல் போனது. ஒரு வரி நிரலும் மாறாமலே ஒரு மென்பொருள் பழுதாகலாம்.

பாஸ் புத்தகத்தில் ஒரு சதம்

இப்போது ஒரே ஒரு கணக்கை எடுத்து நடந்து பார்ப்போம். வைப்பு 150,000.00. மாத வட்டி 0.5 வீதம். வட்டி விழுந்த பிறகு ஒவ்வொரு மாதமும் 1,500 ரூபா போடுகிறார்.

முதல் மாத வட்டி 750.00, இரண்டாம் மாத வட்டி 761.25. இது வரைக்கும் பிரச்சினை இல்லை. இரண்டாம் மாத முடிவில் மீதி 154,511.25.

மூன்றாம் மாத வட்டி 772.55625. பாஸ் புத்தகத்தில் 772.56 என்று அச்சாகிறது. ஆனால் மென்பொருள் வட்டியைச் சதத்துக்கு மட்டப்படுத்தாமல் அப்படியே மீதியில் கூட்டுகிறது. விடை 155,283.80625. அந்த இடத்தில் கோடு இல்லை. கிட்டிய கோடு 155,283.8125. அச்சில் 155,283.81. கையால் கூட்டினாலும் அதே விடை. ஒருவருக்கும் சந்தேகம் வராது.

1,500 சேர்கிறது. நான்காம் மாத வட்டி 783.92 என்று அச்சாகி, மீதி 157,567.73 என்று வருகிறது. கையால் கூட்டினாலும் அதே. ஆனால் உள்ளே இருப்பது 157,567.734375.

இன்னொரு 1,500. மீதி அச்சில் 159,067.73. ஐந்தாம் மாத வட்டி அச்சில் 795.34. இரண்டையும் நீங்களே கூட்டுங்கள்: 159,863.07. பாஸ் புத்தகத்தில் அச்சாகியிருப்பது 159,863.08.

ஒரு சதம் கூடியிருக்கிறது. இங்கே இரண்டு பிழைகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதைக் கவனியுங்கள். ஒன்று, அளவுகோலில் கோடு இல்லாதது. மற்றது, காட்டும்போது மட்டப்படுத்திவிட்டு வைக்கும்போது மட்டப்படுத்தாதது. நிரலின் வகையை மட்டும் மாற்றினால் முதலாவது போகும். இரண்டாவது அப்படியே இருக்கும். உறுப்பினர் கையில் உள்ள புத்தகத்தில் 772.56 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே 772.55625 என்று வைத்திருப்பது எந்த வகை நிரலிலும் பிழைதான். வட்டி பதியப்படுகிற அந்தக் கணத்திலேயே சதத்துக்கு மட்டமாக வேண்டும். அதற்குப் பிறகு எல்லோரும், புத்தகமும் கொம்பியூட்டரும், அந்த எண்ணையே பாவிக்க வேண்டும்.

திருத்தப் போய்க் கெடுத்த கதை

"அப்ப `numeric` ஆக மாத்திவிட்டால் சரிதானே?" நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல காலம், பிரதி ஒன்றில் செய்து பார்த்தேன்.

```sql
ALTER TABLE members
  ALTER COLUMN balance TYPE numeric(14,2);
```

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஒரு செக்கனில் முடிந்தது. பிறகு பெரிய வைப்புகளைப் பார்த்தால், 131,072 இற்குக் கீழே இருந்த கணக்குகளிலும் சதம் மாறியிருந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளில் ரூபாவே மாறியிருந்தது. உள்ளே 1,234,567.875 என்று இருக்கிற ஒரு கணக்கு இந்தக் கட்டளைக்குப் பிறகு 1,234,570.00 ஆகிவிடும். இரண்டு ரூபாவுக்கு மேல் இனாம்.

காரணம், போஸ்ட்கிரஸ் `real` ஐ `numeric` ஆக மாற்றும்போது ஆறு முக்கிய இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நான்கு பைட் எண்ணில் எந்த நிலையிலும் நம்பக்கூடியது ஆறு தசம இலக்கங்கள்தான் என்பது அதன் நியாயம். ஆனால் உண்மையில் உள்ளே இருப்பது அதைவிடக் கூட. அந்த மிச்சத்தை எடுக்க வேண்டுமென்றால் நடுவில் எட்டு பைட் எண்ணாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். நீங்களே போட்டுப் பாருங்கள்:

```sql
SELECT 250000.10::real::numeric;
-- 250000
SELECT 250000.10::real::double precision::numeric;
-- 250000.09375
```

முதல் வழி பத்துச் சதத்தையும் விழுங்கிவிட்டது. இரண்டாவது வழி உள்ளே கிடக்கிற எண்ணை அப்படியே வெளியே கொண்டுவருகிறது. ஆனால் அதை இரண்டு தசமத்துக்கு மட்டப்படுத்தினாலும் 250,000.09 தான் வரும், பத்துச் சதம் திரும்பி வராது. அது மாற்றும்போது தொலைந்ததில்லை, என்றைக்கோ வைக்கும்போதே தொலைந்தது.

அதனால்தான் நான் சொல்கிறேன்: மீதி நிரலை மாற்றுவது திருத்தம் அல்ல. அது பிழையை உறையவைக்கிறது. இன்றைக்கு வரைக்கும் "ஏதோ மிதவைப்புள்ளிப் பிழை" என்று சந்தேகப்படவாவது இடம் இருந்தது. மாற்றிய பிறகு அதே பிழையான எண் இரண்டு தசமத்தோடு, சுத்தமான முகத்தோடு நிற்கும். பழைய நிரலும் அழிந்துபோயிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கவும் ஏலாது.

எது உண்மை?

அப்படியென்றால் உண்மையான மீதி எங்கே இருக்கிறது? மீதி நிரலில் இல்லை. கொடுக்கல் வாங்கல் பதிவுகளில் இருக்கிறது.

அந்தப் பதிவுகளும் `real` தான். ஆனால் அவை சின்னத் தொகைகள். 1,500, 795.34, 20,000. 131,072 ரூபாவுக்குக் கீழே கோடுகளின் இடைவெளி ஒரு சதத்தைவிடக் குறைவு என்று மேலே பார்த்தோம். அதாவது, வைக்கும்போது ஏற்பட்ட பிழை ஆகக்கூடினால் 0.39 சதம். அரைச் சதத்தை எட்டவில்லை. ஆகவே இரண்டு தசமத்துக்கு மட்டப்படுத்தினால், அன்றைக்குக் காசாளர் தட்டிய அதே தொகை திரும்பி வரும். கிட்டத்தட்ட இல்லை, அதே தொகை. மட்டப்படுத்தாமல் வைத்த வட்டிப் பதிவுகளுக்கு, புத்தகத்தில் அச்சான தொகை வரும். 131,072 ஐத் தாண்டிய தனிப் பதிவுகள் சில இருந்தன, காணி விற்ற காசு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசு என்று. அவற்றுக்குப் பற்றுச்சீட்டுக் கட்டைகளை எடுத்து, ஐயா வாசிக்க நான் தட்டினேன். ஒரு பின்னேரத்தில் முடிந்தது.

பழைய நிரலைத் தொடவில்லை. பக்கத்தில் புது நிரல் ஒன்று சேர்த்தேன்.

```sql
ALTER TABLE entries ADD COLUMN amount_c numeric(14,2);
UPDATE entries
  SET amount_c = round(amount::double precision::numeric, 2);
```

பிறகு ஒவ்வொரு உறுப்பினருக்கும் புது நிரலைக் கூட்டி, பழைய மீதியோடு ஒப்பிட்டு, ஒவ்வாதவர்களைப் பட்டியல் எடுத்தேன். மீளப்பெற்ற தொகைகள் மறைக் குறியோடு பதியப்பட்டிருந்ததால் கூட்டுவது சுலபம். பெரும்பாலான வித்தியாசங்கள் சில சதங்கள். சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய.

இந்த இடத்தில்தான் அநேகமானவர்கள் நிறுத்திவிடுவார்கள். "எல்லாம் சதக்கணக்கு, ஒரு திருத்தப் பதிவைப் போட்டு மூடு." நான் சொல்வது, இங்கேதான் வேலை தொடங்குகிறது. ஏனென்றால், மட்டப்படுத்தல் பிழைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்.

ஒரு பதிவு மீதியில் சேரும்போது வரக்கூடிய ஆகக்கூடிய பிழை, அந்த இடத்துக் கோட்டு இடைவெளியின் பாதி. வட்டியை மட்டப்படுத்தாததால் அதோடு இன்னொரு அரைச் சதம். மீதி 131,072 இற்கும் 262,144 இற்கும் நடுவே இருக்கிற ஒருவருக்கு அது ஒரு பதிவுக்கு 0.78 சதமும் 0.5 சதமும், சேர்த்து 1.28 சதம். ஐந்து வருடம், மாதம் இரண்டு பதிவு, மொத்தம் 120 பதிவு என்றால், எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 1 ரூபா 54 சதத்தைத் தாண்டாது. உண்மையில் பிழைகள் இரண்டு பக்கமும் விழுந்து ஒன்றையொன்று தின்றுவிடுவதால், நாங்கள் கண்டது பத்து, பதினைந்து சதம்.

பட்டியலை இந்த எல்லையால் இரண்டாகப் பிரித்தேன். எல்லைக்குள் இருப்பது சறுக்கல். எல்லையைத் தாண்டியது வேறு ஏதோ.

தாண்டியவர்களில் ஒருவர், பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஒரு மாமி. தையல் காசில் மாதாமாதம் 1,500 போடுகிறவர். அவருடைய வித்தியாசம் 1,500 ரூபா 03 சதம். அவருடைய மீதி ஓர் இலட்சத்தையே எட்டவில்லை. சுமார் 150 பதிவுகளுக்கு எல்லை 1 ரூபா 34 சதம். மூன்று சதம் கொம்பியூட்டரின் சறுக்கல். அந்த 1,500?

பதிவுகளைத் திகதிவாரியாகப் பார்த்தோம். 2022 மார்ச் மாதப் பதிவு கொடுக்கல் வாங்கல் அட்டவணையில் இருக்கிறது, பற்றுச்சீட்டும் இருக்கிறது, மீதியில் மட்டும் சேரவில்லை. மென்பொருள் இரண்டு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறது: முதலில் பதிவைச் சேர், பிறகு மீதியைக் கூட்டு. இரண்டும் ஒரே பரிவர்த்தனைக்குள் கட்டப்படவில்லை. நடுவில் கரண்ட் போனால் ஒன்று நடந்திருக்கும், மற்றது நடந்திராது. அந்த மாதங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாமி அந்த வருடமே கேட்டிருக்கிறார். "புத்தகத்தில குறைவா இருக்கிற மாதிரிக் கிடக்குது" என்று. "அது கொம்பியூட்டர் சதம் விடுறது மாமி, மொத்தத்தில சரியா வரும்" என்று பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கொம்பியூட்டர் சதம் விடுவது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் அவருடைய ஒரு மாதக் காசு மறைந்துகிடந்தது.

சதம் முக்கியம் என்று நான் வாதாடவில்லை. இன்றைக்குக் கடையில் ஒரு ரூபாக் குற்றியையே மிச்சமாகத் தருகிறார்கள் இல்லை, ரொபி தருகிறார்கள். ஆனால் கணக்கு ஒன்று "கொஞ்சம் பிசகும்" என்று ஒத்துக்கொண்டால், எவ்வளவு கொஞ்சம் என்று பிறகு ஒருவரும் கேட்பதில்லை. சரியான தசமத்தின் பயன் சதத்தைக் காப்பாற்றுவது இல்லை. வித்தியாசம் பூச்சியமாக இருக்க வேண்டும் என்று கேட்கக்கூடிய நிலையைத் தருவதுதான்.

பழைய ஏட்டில் கைவைக்காமல்

திருத்தும் முறையிலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. பழைய வரிசைகளுக்குள் போய் எண்ணை மாற்றக் கூடாது. மாமியின் புத்தகத்தில் அன்றைக்கு அச்சானது அச்சானதுதான். கொம்பியூட்டரில் மட்டும் சரித்திரத்தை மாற்றி எழுதினால், நாளைக்குப் புத்தகமும் கொம்பியூட்டரும் இரண்டு கதை சொல்லும். எங்கள் தாத்தாமார் மையால் ஏடு எழுதிய காலத்தில் பிழையை அழிக்கவில்லை. புது வரி ஒன்றில் திருத்தம் எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். அதையேதான் செய்ய வேண்டும்: இன்றைய திகதியில் ஒரு திருத்தப் பதிவு, காரணத்தோடு.

யாருக்குச் சாதகமாக என்பது மென்பொருள்காரன் முடிவெடுக்கிற விசயமில்லை. நான் பட்டியலைக் கொடுத்தேன், நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்தது. நான் சொன்ன ஆலோசனை ஒன்றுதான், சறுக்கலில் உறுப்பினரின் மீதி குறையக் கூடாது. பழைய மீதி கூடுதலாக இருந்தால், மேலே பார்த்த .08 போல, அந்த ஒரு சதத்தைச் சங்கம் தன் செலவாக ஏற்றுக்கொள்ளட்டும். குறைவாக இருந்தால் வித்தியாசத்தைக் கொடுக்கட்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரு சாப்பாட்டுப் பார்சல் காசு வரவில்லை. எல்லையைத் தாண்டியவர்களுக்கு, பற்றுச்சீட்டைப் பார்த்துத் தனித்தனியாக முடிவு. மாமிக்கு 1,500 உம் அன்றிலிருந்து அதற்கு விழுந்திருக்க வேண்டிய வட்டியும்.

அதன் பிறகுதான் புது நிரல்கள் பழையவற்றின் இடத்துக்கு வந்தன. பழைய நிரல்களைப் பெயர் மாற்றி ஒரு கணக்காய்வு முடியும் வரைக்கும் வைத்திருக்கிறோம். பதிவும் மீதியும் இப்போது ஒரே பரிவர்த்தனைக்குள். ஒவ்வொரு இரவும் ஒரு சின்னக் கேள்வி ஓடும்: யாருடைய மீதியாவது அவருடைய பதிவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமனில்லாமல் இருக்கிறதா? ஒரு வரிசை வந்தாலும் காலையில் ஐயாவுக்குத் தெரியும்.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு பொறியைச் சொல்லி வைக்கிறேன். தரவுத்தளத்தை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த மென்பொருள் பிஎச்பியில் எழுதியது. `numeric` நிரலைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்தால் அது எழுத்துச்சரமாக வருகிறது. அதில் `+` போட்ட உடனே பிஎச்பி அதை மறுபடி மிதவைப்புள்ளியாக்கிவிடும். முன்கதவால் துரத்தியது பின்கதவால் வரும். நாங்கள் கூட்டலையும் வட்டிக் கணக்கையும் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யும்படி மாற்றினோம். அதற்கென்று இருக்கிற `bcadd`, `bcmul` ஐப் பாவிப்பவர்கள், அவை கேட்ட தசமத்துக்கு மேல் வெட்டுமே தவிர மட்டப்படுத்தாது என்பதை நினைவில் வைத்திருங்கள். 772.556 ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் 772.55 தான் தரும்.

அரைச் சதம் வந்தால் மேலே போவதா, கீழே போவதா என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரஸில் `numeric` மட்டப்படுத்தும்போது சரியாகப் பாதியில் இருப்பது பூச்சியத்திலிருந்து விலகிப் போகும். 0.125 என்பது 0.13 ஆகும். சங்கத்தின் விதி வேறாக இருந்தால் விதிதான் பெரிது. மென்பொருள் அதற்குப் பணிய வேண்டும்.

அடுத்த மாத முடிவு அறிக்கையை ஐயா கைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மொத்தம் 7 ரூபா 36 சதத்தில் முடிந்திருந்தது. கீழே ஒரு வரி: "கையாலும் கூட்டிப் பாத்தன். சில்லறை வேறுபாடு எண்ட வரியை இந்த மாசத்தோட எடுத்தாச்சு."